முதலில் வந்ததை முதலில் எடுத்தோம், 5 கிலோ பனீர் போச்சு

திருச்சி டிபன்காரன் · ஜூன் 8, சனி, இரவு 11.40

நேராக விஷயத்துக்கு வருகிறேன். "முதலில் வந்ததை முதலில் எடு" என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். அதை அட்சரம் பிசகாமல் செய்ததால்தான் இன்று காலை 5 கிலோ பனீரைக் குப்பையில் கொட்டினேன்.

நடந்தது இது. திங்கட்கிழமை வேக்கம் பேக் பனீர், ஒரு கிலோ பாக்கெட்டாக 10 வந்தது. காலாவதி 28ஆம் தேதி. தினமும் சராசரியாக 2 கிலோ ஓடும். வியாழக்கிழமை ஒரு பிறந்தநாள் ஆர்டர் இருந்ததால், புதன் காலை பக்கத்துப் பால் பண்ணையிலிருந்து உதிரிப் பனீர் 5 கிலோ வாங்கித் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். தண்ணீரைத் தினமும் மாற்றினால் வெள்ளி இரவு வரை தாங்கும் என்று பண்ணைக்காரர் சொன்னார். புதன் இரவு அந்த ஆர்டர் ரத்தாகிவிட்டது.

மாஸ்டர் என்ன செய்தார்? வந்த வரிசைப்படி பாக்கெட் பனீரையே எடுத்துக்கொண்டு போனார். திங்கள் 2, செவ்வாய் 2, புதன் 2, வியாழன் 2, வெள்ளி 2. பத்தும் தீர்ந்து இன்று காலை உதிரிப் பனீர் டப்பாவைத் திறந்தால் தண்ணீர் கலங்கியிருக்கிறது, பனீரைத் தொட்டால் விரலோடு நூல் மாதிரி வருகிறது. கிலோ 340 ரூபாய். 1,700 ரூபாய் அப்படியே போச்சு.

28ஆம் தேதி வரை தாங்குகிற சரக்கை அவசர அவசரமாகத் தீர்த்துவிட்டு, 7ஆம் தேதி சாகப்போகிற சரக்கைக் காத்திருக்க வைத்திருக்கிறோம். உதிரியை முதலில் எடுத்திருந்தால் ஒரு துண்டுகூட வீணாகியிருக்காது. வந்த தேதியைப் பார்க்கவே கூடாது, முடியும் தேதியை மட்டும் பார்க்கணும் என்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

---

மளிகைக்கடை · ஜூன் 9, ஞாயிறு, காலை 6.15

இதில் என்ன பிரச்சினை என்று எனக்குப் புரியவில்லை. தேதி முடிந்த பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்தால் கம்பெனி லைன் ஆள் வரும்போது மாற்றித் தருவாரே. நான் பிஸ்கட், பிரெட் எல்லாம் அப்படித்தான் செய்கிறேன். பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 9, காலை 6.50

அண்ணே, கெட்டுப்போனது பாக்கெட் இல்லை, தண்ணீரில் கிடந்த உதிரி. அதை யார் மாற்றித் தருவார்? பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டால் மாட்டை அவிழ்த்து விடுவார்.

---

கைமணம் · ஜூன் 9, காலை 9.05

30 வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். தேதி, ஸ்டிக்கர் எல்லாம் கைக்கு நம்பிக்கை இல்லாதவர்களுக்கு. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். உங்கள் மாஸ்டர் வெள்ளிக்கிழமை ஒரு தடவை திறந்து மோந்திருந்தால் போதும், அன்றைக்கே புர்ஜி போட்டுத் தீர்த்திருக்கலாம்.

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூன் 9, மதியம் 3.30

நான் ஒரு பெரிய ஹோட்டலில் 17 வருடம் ஸ்டோர் பார்த்தவன். இப்போது ஓய்வு. இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன்.

கைமணம் அண்ணன் சொல்வது பாதி சரி. பால், பனீர், மீன் இதெல்லாம் கெடும்போது மூக்குக்குச் சொல்லிவிட்டுத்தான் கெடும். ஆனால் ஆளைப் படுக்க வைக்கிற எல்லாமும் நாறாது. மதியம் வடித்த சோற்றை வெளியிலேயே வைத்துவிட்டு இரவு ஃபிரைட் ரைஸுக்கு எடுக்கிறார்கள் இல்லையா, அதில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கியிருக்கலாம். வாசனை இருக்காது, நிறம் மாறாது, கடாயில் என்ன தீ வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. மூக்கை நம்பினால் பணம் தப்பலாம், வாடிக்கையாளர் தப்புவார் என்று சொல்ல முடியாது.

டிபன்காரன் தம்பிக்கு: உங்கள் கணக்கு தப்பு. உதிரியை முதலில் எடுத்திருந்தாலும் மிஞ்சியிருக்கும். ஆர்டர் ரத்தானது புதன் இரவு. அன்றைக்கு 2 கிலோ பாக்கெட்டிலிருந்து ஏற்கனவே போய்விட்டது. வியாழன் 2, வெள்ளி 2, ஆக 4 கிலோதான் உதிரியில் தீரும். ஒரு கிலோ மிச்சம். முடியும் தேதியைப் பார்த்து எடுப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் தேதிக்குள் தீராத அளவுக்கு வாங்கிவிட்டால் எந்த வரிசையும் காப்பாற்றாது.

இன்னொன்று. இரண்டு முறையையும் ஒன்றுக்கொன்று எதிரி மாதிரிப் பேசாதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஆய்வுப் பட்டியலிலேயே, முதலில் வந்தது முதலில் என்கிற ஃபிஃபோ, முதலில் முடிவது முதலில் என்கிற ஃபெஃபோ இரண்டும் சேர்ந்துதான் வரும். தேதி ஒன்றாக இருந்தாலோ, தேதியே இல்லாவிட்டாலோ வந்த வரிசை. தேதிகள் வேறு வேறாக இருந்தால் முடியும் வரிசை.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 9, இரவு 11.55

கணக்கை மறுபடி போட்டேன். ஒரு கிலோ மிஞ்சும், சரிதான். "ஒரு துண்டுகூட" என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 1,700க்குப் பதில் 340.

---

பேக்கரி தம்பி · ஜூன் 10, திங்கள், காலை 10.20

அந்த ஒரு கிலோவை ஃப்ரீசரில் போட்டிருந்தால் அதுவும் மிச்சம். ஃப்ரீசரில் போட்டால் எதுவும் கெடாது.

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூன் 10, காலை 11.00

கெடாது, ஆனால் ஏற்கனவே கெட ஆரம்பித்தது நல்லதாகவும் மாறாது. வெள்ளி இரவு, கடைசி மணிநேரத்தில் உள்ளே போட்டால், வெளியே எடுக்கும்போதும் அந்தக் கடைசி மணிநேரத்தில்தான் அது நிற்கும். போடுவதென்றால் புதன் இரவு ஆர்டர் ரத்தானவுடனே போட்டிருக்கணும். அதோடு உறைந்த பனீர் உதிர்ந்துவிடும். பட்டர் மசாலாவுக்குத் துண்டு நிற்காது, புர்ஜிக்கும் பராத்தா பூரணத்துக்கும் ஆகும். உருக்கிய அன்றே தீர்க்கணும், மறுபடி உள்ளே தள்ளக் கூடாது.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 11, செவ்வாய், இரவு 12.10

இன்று கடை மூடியபின் ஃப்ரிட்ஜ் முழுவதையும் வெளியே எடுத்து வைத்தேன். பனீரை விட்டுவிட்டு வேறு பூதங்கள் கிளம்பிவிட்டன.

முதல் பூதம், ஃபிரெஷ் கிரீம். ஒரு லிட்டர் பாக்கெட், அச்சடித்த தேதி அக்டோபர். பாதி காலியான பாக்கெட் மூன்று கிடைத்தன. மூன்றிலும் வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள். எது எப்போது திறந்தது என்று மாஸ்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "அக்டோபர் வரைக்கும் இருக்கே" என்கிறார். அதே பாக்கெட்டின் பக்கவாட்டில், திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்து 3 நாளுக்குள் பயன்படுத்தவும் என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது. நான் தேதி, தேதி என்று குதித்தேன். நான் பார்த்த தேதியே கத்தரி பட்ட நிமிஷத்தில் செத்துப்போன தேதி.

இரண்டாவது பூதம், இஞ்சி பூண்டு விழுது டப்பா. தினமும் அரைக்கிறோம், தினமும் அதே டப்பாவில் கொட்டுகிறோம். அந்த டப்பாவின் அடியை நான் பார்த்து எட்டு மாதம் இருக்கும். இன்று வழித்தெடுத்தேன். மேலே வெள்ளை, நடுவில் மஞ்சள், அடியில் பச்சை கலந்த பழுப்பு. தேசியக் கொடி மாதிரி மூன்று அடுக்கு. இதற்கு என்ன தேதி எழுதுவது?

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூன் 11, காலை 8.40

அடியில் இருப்பதன் தேதிதான் டப்பா முழுவதற்கும் தேதி. பழசின் மேல் புதுசைக் கொட்டினால் பழசு இளமையாகாது, புதுசுதான் கிழமாகும். அமெரிக்க உணவு விதியில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் தயாரித்ததை ஒன்றாகக் கலந்தால், முன்னால் தயாரித்ததன் நாளிலிருந்துதான் எண்ணணும்.

ஆகவே ஒரே டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு சின்ன டப்பா வாங்குங்கள். ஒன்று தீர்ந்து, கழுவி, காய்ந்தபின்தான் அதில் புது விழுது. கொட்டி நிரப்புகிற பழக்கம் இருக்கிற சமையலறையில் அடுக்கு வரிசை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

திறந்த பாக்கெட்டுக்கு: திறக்கிறவரே எழுதணும், திறந்த அந்த நிமிஷமே எழுதணும். அப்புறம் எழுதலாம் என்றால் அப்புறம் வராது. கிரீமைக் கடுகு டப்பா அளவு எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி மூடி, டேப் ஒட்டித் தேதி போடுங்கள். மடித்த பாக்கெட் எப்போதும் பின்னால் சாய்ந்து விழுந்து மறைந்துவிடும். மறைந்தவுடன் மாஸ்டர் புதிதாக ஒன்றைக் கத்தரிப்பார். உங்கள் மூன்று பாக்கெட்டும் இப்படித்தான் பிறந்திருக்கும்.

---

மாவு அக்கா · ஜூன் 11, மதியம் 2.15

வீட்டிலிருந்து இட்லி மாவு விற்கிறேன், ஹோட்டல் எல்லாம் இல்லை. உள்ளே நுழையலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். மாவுக்கு இந்த முடியும் தேதி சரிப்படுமா? முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பம், குழிப்பணியாரம். மூன்று நாளும் அது நல்ல மாவுதான், வேலைதான் மாறுகிறது. கடைக்காரர் ஒருவர் என்னிடம் "பழசை முதலில் தீர்க்கணும்" என்று இரண்டாம் நாள் மாவில் இட்லி ஊற்றி, இட்லி தட்டையாக வந்தது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 11, மாலை 5.30

அக்கா, நீங்கள் சொன்னது நான் யோசிக்காத விஷயம். என் கடையிலும் புது மாவு இட்லிக்கும் பழைய மாவு தோசைக்கும் தனித்தனியாக ஓடுகிறது. அங்கே "முதலில் முடிவது முதலில்" என்று ஒரே வரிசை வைத்தால் காலை இட்லி கெட்டுவிடும். அப்படியென்றால் வரிசை பொருளுக்கு இல்லை, பொருள் போகிற பதார்த்தத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாமா? தக்காளியும் இதே கதை. கிரேட்டில் கனிந்தது, கெட்டி, செங்காய் மூன்றும் கலந்து வருகிறது. தேதி கிடையாது, ஒரே நாள் வந்தவை. கனிந்ததைப் பிரித்து அன்றைக்கே ரசம், கிரேவி. கெட்டி சாலட்டுக்கு. அதை நாங்கள் பெயர் தெரியாமலே எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

---

கைமணம் · ஜூன் 11, மாலை 6.00

அதைத்தான் நானும் சொன்னேன். கையும் கண்ணும். தேதி எங்கே வந்தது தக்காளியில்?

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூன் 11, இரவு 9.10

தக்காளிக்குக் கண், ஒப்புக்கொள்கிறேன். கிரீமுக்குக் கண் பத்தாது. அவ்வளவுதான் சண்டை.

---

பேக்கரி தம்பி · ஜூன் 12, புதன், காலை 7.45

எங்கள் கடையில் கலர் ஸ்டிக்கர். கிழமைக்கு ஒரு கலர். திங்கள் நீலம், செவ்வாய் மஞ்சள், இப்படி. எழுதத் தெரியாத பையனும் ஒட்டுவான். ஏழு கலர் ரோல் பேக்கிங் சாமான் கடையில் கிடைக்கும்.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 14, வெள்ளி, இரவு 11.30

ஸ்டிக்கர் வாங்கினேன். இரண்டே நாளில் குழப்பம். கதையைக் கேளுங்கள்.

புதன் மதியம் மக்னி கிரேவி செய்து வைத்தோம். மாஸ்டர் செய்த நாளுக்கு உண்டான பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். வியாழன் காலை பையன் புதினாச் சட்னி டப்பாவுக்கு, அது முடியப்போகும் வெள்ளிக்கிழமையின் சிவப்பு ஒட்டினான். நான் அவனிடம் "முடியும் நாள்" என்று சொல்லியிருந்தேன், மாஸ்டரிடம் சொல்ல மறந்துவிட்டேன். இன்று இரவு சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்த மாஸ்டர் "இது இன்றைக்குச் செய்தது" என்று நாளைக்கு எடுத்து வைத்துவிட்டார். நான் பார்க்காமல் இருந்திருந்தால் நாளைக் காலை அது இட்லியோடு போயிருக்கும்.

இன்னொரு குழப்பம். கிரேவி 3 நாள் என்று முடிவு செய்தோம். புதன் செய்தது எப்போது முடியும்? மாஸ்டர் கணக்கில் புதன், வியாழன், வெள்ளி. என் கணக்கில் புதன் செய்தது, வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு, சனி மூன்று. இருவரும் அரை மணி நேரம் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுச் சண்டை போட்டோம். பால் கணக்குக் காலண்டரில் எண்ணினோம், தீரவில்லை.

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூன் 15, சனி, காலை 8.00

மாஸ்டர் சொன்னதுதான் பாதுகாப்பு. செய்த நாளே முதல் நாள். அந்த அமெரிக்க விதியும் அப்படித்தான் எண்ணுகிறது. அங்கே 5 டிகிரியில் வைத்தால் 7 நாள் வரை என்பார்கள், அதிலும் செய்த நாள் சேர்த்தி. நம் ஃப்ரிட்ஜில் அந்த 7ஐ நம்பவே வேண்டாம், காரணம் கீழே.

ஸ்டிக்கரில் முடியும் நாளை மட்டும் போடுங்கள். செய்த நாளைப் போட்டால் எடுக்கிற ஒவ்வொரு முறையும் எடுக்கிறவர் கூட்டிப் பார்க்கணும், ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை நாள் என்று நினைவு வைத்திருக்கணும். இரவு 8 மணிக் கூட்டத்தில் யார் கூட்டுவார்? ஒட்டுகிறவர் ஒரு தடவை கணக்குப் போட்டுவிட்டால் எடுக்கிறவர் பார்த்தால் போதும்.

ஒன்று சொல்ல மறந்தேன். மூடியில் ஒட்டாதீர்கள், டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். கழுவும்போது மூடிகள் மாறும். 17 வருடத்தில் நான் பார்த்த தேதிக் குளறுபடியில் பாதிக்கு மேல் மூடி மாறியதுதான்.

காரணம் என்றேனே. உங்கள் ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரியில் ஓடுகிறது?

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 15, காலை 8.20

முகப்பில் 4 என்று காட்டுகிறது.

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூன் 15, காலை 8.25

அது முகப்பு காட்டுகிற 4. ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்து, இரவு 8.30க்குப் பாருங்கள்.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 15, இரவு 11.50

9 டிகிரி. சாயங்காலம் 4 மணிக்கு 5 இருந்தது. டின்னர் நேரத்தில் தண்ணீர் பாட்டில் எடுக்க சப்ளையர்கள் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறார்கள், பக்கத்திலேயே தந்தூர். கதவு ரப்பரில் ஒரு மூலை பிய்ந்திருக்கிறது, இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை.

பால் பாக்கெட்டில், கிரீமில் போட்டிருக்கிற தேதி எல்லாம் அந்தச் சில்லிப்பு இருந்தால்தான் செல்லும். 9 டிகிரியில் அந்தத் தேதி எனக்குப் பொருந்தாது. கிரேவி மூன்று நாளை இரண்டாகக் குறைத்துவிட்டேன். தண்ணீர், சோடா எல்லாம் முன்பக்கம் தனியாக ஒரு பழைய ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டது. ரப்பர் மாற்ற ஆள் நாளை வருகிறார், அதாவது வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

---

மளிகைக்கடை · ஜூன் 16, ஞாயிறு, காலை 6.30

இப்போது புரிகிறது உங்கள் பிரச்சினை. என் கடையிலும் ஐஸ்கிரீம் பெட்டியில் அடியில் இருப்பது அடியிலேயே இருக்கிறது. மேலே திறக்கிற பெட்டி. புதுசைக் கீழே வைக்க எல்லாவற்றையும் வெளியே எடுக்கணும், அதற்குள் உருகிவிடும். அதற்கு என்ன வழி?

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூன் 16, காலை 9.15

நல்ல கேள்வி. மேலே திறக்கிற டீப் ஃப்ரீசரில் பின்னால் முன்னால் என்பதே கிடையாது, மேல் கீழ்தான். பெட்டியை நடுவில் ஒரு அட்டையால் இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் எடுக்கிற பக்கம், வலப்பக்கம் நிரப்புகிற பக்கம். புது லோடு வந்தால் வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் துடைத்த மாதிரி காலியான பிறகு பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இது உண்மையில் வந்த வரிசைதான். உறைந்த சரக்குக்குத் தேதி மாதக் கணக்கில் இருப்பதால் போதும். எப்போதாவது கிட்டத்துத் தேதி போட்ட பெட்டி வந்தால் அதை நேராக எடுக்கிற பக்கமே போடுங்கள்.

டிபன்காரனுக்குக் கூடுதலாக ஒன்று: சிக்கன் ஃப்ரீசரிலிருந்து கீழே ஃப்ரிட்ஜுக்கு இறங்கிய நிமிஷம் அது வேறு சரக்கு. பாக்கெட்டில் இருக்கிற மாதக் கணக்குத் தேதியை அடித்துவிட்டு, மறுநாள் தேதி எழுதுங்கள். உருகியதைத் திரும்பச் சேமிக்கக் கூடாது என்று ஆய்வுப் பட்டியலிலேயே இருக்கிறது.

---

கைமணம் · ஜூன் 16, இரவு 10.00

நானும் தம்ளரில் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 23, ஞாயிறு, இரவு 12.30

ஒரு வாரமாக நடப்பதைப் பதிகிறேன்.

கலர் ஸ்டிக்கரை விட்டுவிட்டேன். பேக்கரி தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் க்ளீனர் பையனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஒடிசாக்காரன், ஆனால் எண் எல்லாருக்கும் ஒரே எண். மாஸ்கிங் டேப், கறுப்பு மார்க்கர், முடியும் தேதி மட்டும் பெரிதாக. 25 என்று எழுதியிருந்தால் 25 இரவோடு வெளியே. மாதம் எழுதுவதில்லை, ஃப்ரிட்ஜில் எதுவும் மாதம் தாண்டப் போவதில்லை. ஈரமான டப்பாவில் டேப் ஒட்டாது, துணியால் துடைத்துவிட்டு ஒட்டணும். இதைக் கண்டுபிடிக்க மூன்று டப்பா தேதி இல்லாமல் நின்றது.

தட்டுகளில் இடப்பக்கம் குறைந்த எண், வலப்பக்கம் கூடின எண். கை எப்போதும் இடமிருந்து எடுக்கும். காலை 6 மணிக்கு நான் ஒரு நடை வந்து, நாளைக்கு முடியும் எண் உள்ளதை எல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுகிறேன். மாஸ்டர் மெனு யோசிக்கும்போது முதலில் மேல்தட்டைப் பார்க்கிறார். வியாழன் அங்கே முக்கால் கிலோ பனீர், ஒரு கட்டு பாலக். பாலக் பனீர் அன்றைக்கு ஸ்பெஷல் ஆச்சு. பலகையில் எழுதிப் போட்டோம், எட்டரை மணிக்குள் தீர்ந்தது.

இந்த வாரம் எறிந்தது கொத்தமல்லி மட்டும், அரைக் கட்டு.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 24, திங்கள், காலை 6.40

நேற்று பெருமையாக எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஒரு விஷயம் உறுத்துகிறது. எதையும் எறியவில்லை, சரி. ஆனால் இந்த வாரம் மேஜைக்குப் போன பனீர் பெரும்பாலும் கடைசி நாள் பனீர். பழசு தீரும்வரை புதுசைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டால், புதுசும் தன் முறை வருவதற்குள் பழசாகிவிடுகிறது. வாடிக்கையாளர் என்றைக்குமே புது உதிரிப் பனீர் சாப்பிடுவதில்லை. பக்கத்துக் கடையில் துண்டு மெத்தென்று இருக்கிறது என்று ஒருவர் என் காதில் விழவே சொன்னார்.

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூன் 24, காலை 9.30

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இன்று கையிருப்பு எத்தனை கிலோ?

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 24, காலை 9.45

உதிரி 4, பாக்கெட் 6.

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூன் 24, காலை 9.50

தினம் 2 கிலோ ஓடுகிற கடையில் 5 நாள் சரக்கு. இரண்டு நாள் முன்னால் வாங்கியதையே இன்று எடுக்கிறீர்கள், அது வரிசையின் குற்றம் இல்லை. உதிரியைத் தினமும் காலையில் 2 கிலோ மட்டும் வாங்குங்கள். பண்ணை பக்கத்தில்தானே இருக்கிறது? பாக்கெட் 3 மட்டும் கூட்ட நாளுக்கும் பண்ணைக்காரர் வராத நாளுக்கும் காப்பு. அந்த மூன்றையும் மறந்துவிடாமல், அவற்றின் தேதி நெருங்கினால் ஒருநாள் உதிரியை நிறுத்தி அவற்றைத் தீர்த்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 24, காலை 10.05

10 பாக்கெட் எடுத்தால்தான் கிலோவுக்கு 15 ரூபாய் குறைக்கிறார்கள்.

---

மாவு அக்கா · ஜூன் 24, காலை 10.30

பத்து பாக்கெட்டுக்கு 150 ரூபாய் லாபம் பார்த்து 1,700க்குக் கொட்டினீர்களே தம்பி.

---

திருச்சி டிபன்காரன் · ஜூன் 24, காலை 10.32

அக்கா, கொட்டினது பாக்கெட் இல்லை, உதிரி. ஆனால் பாக்கெட் மலை மாதிரி இருந்ததால்தான் உதிரியை யாரும் பார்க்கவில்லை. சரி, விடுங்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன்.

---

பேக்கரி தம்பி · ஜூலை 2, செவ்வாய், இரவு 9.40

எங்கள் கடையிலும் எண் எழுத ஆரம்பித்துவிட்டோம், கலர் ஸ்டிக்கர் மேலேயே. முட்டைக்கு மட்டும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ட்ரே ட்ரேயாக வருகிறது, போட்ட நாள் எதுவும் இல்லை. தண்ணீரில் போட்டு மிதந்தால் பழசு என்கிறார்கள். ஒரு நாளைக்கு 300 முட்டையை யார் மிதக்க விடுவது?

---

பழைய ஸ்டோர்கீப்பர் · ஜூலை 3, புதன், காலை 8.10

வந்த நாளை எழுதி வந்த வரிசையில் எடுங்கள், வேறு வழி இல்லை. கேக்குக்கு உடைக்கும்போது ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு மாவில் ஊற்றுங்கள். உற்பத்தியாளர் எந்த நாள் முட்டையை உங்களுக்கு அனுப்பினார் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

---

திருச்சி டிபன்காரன் · ஜூலை 9, செவ்வாய், காலை 7.20

இன்று காலை 5.30க்குத் தயிர் வந்தது. ஒரு கிலோ பாக்கெட் 12. நேற்று வந்ததில் 5 மிச்சம் இருந்தது. பையன் அடுக்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று நின்று இரண்டு பாக்கெட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நேற்றையதில் 15ஆம் தேதி. இன்றையதில் 12ஆம் தேதி. டிப்போவில் ஏதோ மூலையில் கிடந்ததை இன்று நமக்குத் தள்ளியிருக்கிறார்கள். நேற்று வந்ததைப் பின்னால் தள்ளிவிட்டு இன்று வந்ததை முன்னால் வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

---

கைமணம் · ஜூலை 9, காலை 9.00

மூன்று நாள் தேதிச் சரக்கை வாங்கவே கூடாதே! திருப்பி அனுப்ப வேண்டியதுதானே?

---

திருச்சி டிபன்காரன் · ஜூலை 9, காலை 9.25

அனுப்பியிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் தயிர் அனுப்புவீர்களா?